டிவிடியை நடுவில் ஓட்டிப் பாருங்கள்

‘அன்னபூரணி’ 2023 டிசம்பர் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. புகார்கள் கிளம்பின, ஜனவரி இரண்டாம் வாரத்தில் தூக்கிவிட்டார்கள். படம் நமக்குப் பிடித்ததா என்பது வேறு விஷயம். பாதி பார்த்துவிட்டு மீதியை வார இறுதிக்கு வைத்திருந்தவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டிஸ்னி தன் சொந்தப் படமான ‘கிரேட்டர்’-ஐயே 2023 மே மாதம் வெளியிட்டு ஏழு வாரத்தில் எடுத்துவிட்டது. அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களை நான் டிஸ்க்காக வாங்கி வைக்கிறேன்.

ஆனால் வாங்கி அடுக்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. வார்னர் நிறுவனம் 2006 முதல் 2008 வரை வெளியிட்ட டிவிடிகளில் சில, கீறலே இல்லாமல் கெட்டுப் போயின. 2025-ல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் நம் ஊரில் மோசர் பேயர் 34 ரூபாய்க்கு டிவிடி விற்றது. நம்மில் பலருடைய சேகரிப்பின் வயது அதுதான். அந்த நிறுவனமும் இன்று இல்லை, கெட்டால் மாற்றித் தர ஆளில்லை.

டிவிடி என்பது இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டிச் செய்தது. நடுவே அலுமினியப் பூச்சு இருக்கிறது. ஒட்டு சரியில்லையென்றால் ஈரக்காற்று உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் தொடங்கும். டிவிடியோ உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுவது. இரண்டு அடுக்கு உள்ள தட்டில், படத்தின் முதல் பாதி உள்ளிருந்து விளிம்புக்குப் போகும், மறுபாதி அங்கிருந்து உள்ளே திரும்பும். ஆக, விளிம்பு கெட்டால் படம் நடுவில் உறைந்து நிற்கும். ஒற்றை அடுக்குத் தட்டு நிரம்பியிருந்தால் கிளைமாக்ஸ் போகும். முதல் பத்து நிமிடம் பளிச்சென்று ஓடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பழைய தட்டு வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: விளிம்போரம் காப்பிக் கறை போலவோ புகைமூட்டமாகவோ தெரிந்தால் வேண்டாம். அடிப்பக்கம் ஊதாவாக இருந்தால் பெரும்பாலும் அது வீட்டில் எழுதிய தட்டு. அதில் இருப்பது சாயம், வெயிலில் சீக்கிரம் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து ப்ளூரே வாங்குகிறவர்கள் உறையின் பின்பக்கம் பாருங்கள். இந்தியா ‘சி’ மண்டலம், அமெரிக்கா ‘ஏ’. ‘ஏ’ மட்டும் போட்டிருந்தால் நம் ஊர் ப்ளேயரில் ஓடாது. 4கே தட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொன்றில். புதிய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை டிஸ்க்காக வருவதே இல்லை. நான் காசு கொடுக்கத் தயார், விற்கத்தான் ஆளில்லை. குறைந்த எண்ணிக்கையில், முன்பதிவு வாங்கியாவது தயாரிப்பாளர்கள் போடலாம். அதுவரை கையில் இருக்கும் பழைய தட்டுகளை வருடம் ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்க்கிறேன், திணறினால் அப்போதே இன்னொரு பிரதி தேட ஆரம்பித்துவிடுவேன்.