தனியாகக் கேட்டதைப் பொதுவில் போட்டவர்களுக்கு

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பேர் உள்பெட்டியில் வந்து "என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லி அட்மினுக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். அதை அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கைகூப்பும் பொம்மை ஒன்றையும் சேர்த்து, குரூப்பிலேயே போட்டுவிட்டார். தனியாகக் கேட்டதைப் பொதுவில் போடக்கூடாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

அப்படி என்னதான் எழுதினேன் என்று கேட்பவர்களுக்காக முழுசாகத் தருகிறேன்:

"நல்லா இருக்கியாப்பா? ஒரு சின்ன உதவி. நம்ம குரூப்ல இருந்து என் நம்பரை எடுத்துவிட முடியுமா? வர்ற மெசேஜ் எல்லாத்தையும் என்னால படிக்க முடியல, படிக்காம சும்மா இருக்கவும் சங்கடமா இருக்கு. யார் மேலயும் வருத்தம் இல்ல. கெட்டுகெதர் தேதி முடிவானா எனக்குத் தனியா சொல்லு, கண்டிப்பா வரேன். இத்தனை பேரைத் தேடிப் பிடிச்சு ஒண்ணா வச்சிருக்கே, அதுக்கு நன்றி. இதைக் குரூப்ல சொல்ல வேண்டாம், சத்தமில்லாம எடுத்துட்டாப் போதும்."

ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் எழுதினேன். கேட்க வேண்டியதை மேலேயே கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்தால் எதிராளி "ஏதோ பிரச்சினை" என்று பயந்து போன் போட்டுவிடுவார். காரணத்தை என் மேலேயே போட்டுக்கொண்டேன், அதுவும் உண்மையான காரணத்தை. பொய்க் காரணம் சொன்னால் அதற்குத் தீர்வு சொல்ல ஆள் வந்துவிடும். போனில் இடமில்லை என்றால், வீடியோக்களை எப்படி அழிப்பது என்று நான்கு பேர் பாடம் எடுப்பார்கள். வேலை அதிகம் என்றால், "எங்களுக்கெல்லாம் வேலை இல்லையா?" என்று வரும். "கொஞ்ச நாளைக்கு மட்டும்" என்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பொங்கலுக்குள் மறுபடி சேர்த்திருப்பார்கள். "எப்போதும் தொடர்பில் இருப்போம்" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதில், கெட்டுகெதர் தேதி என்று பிடித்துக்கொள்ள ஒன்றைக் கொடுத்தேன். அனுப்பிய நேரத்தைக்கூட யோசித்தேன். தேர்தல் சண்டை சூடாக இருந்த வாரத்தில் அனுப்பவில்லை, துக்கச் செய்தி வந்த நாளிலும் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வசூல் நடந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு, ஒரு சாதாரண மத்தியானத்தில் அனுப்பினேன்.

இவ்வளவு பார்த்து அனுப்பியதை அவர் வெட்டிப் போட்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி இரண்டு வரியைக் காணோம். நன்றி சொன்ன வரியும் இல்லை, குரூப்பில் சொல்ல வேண்டாம் என்ற வரியும் இல்லை.

"பேசாமல் எக்ஸிட் அடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும்" என்கிறார்கள். உண்மைதான், 2022லிருந்து அப்படித்தான். ஆனால் எங்கள் குரூப்பில் அட்மின்கள் பதினோரு பேர்! அதோடு, வெளியேறியவர்கள் பட்டியல் குரூப் விவரத்தில் 60 நாள் வரை கிடக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கை தவறிப் பட்டுவிட்டது போல என்று நல்லெண்ணத்தில் யாராவது திரும்பச் சேர்த்தும் விடுவார்கள். யார் என்னைக் குரூப்பில் சேர்க்கலாம் என்பதை செட்டிங்கில் மாற்றி வைத்தால், சேர்ப்பதற்குப் பதிலாக அழைப்பு லிங்க் வரும். வந்த அழைப்பைத் தொடாமல் விட்டால் அது இன்னொரு மனத்தாங்கல். இதெல்லாம் வேண்டாம் என்றுதான் மரியாதையாகக் கேட்டேன். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுவோமே, அது மாதிரி.

அடுத்து, "மியூட் பண்ணி ஆர்க்கைவில் போட்டிருக்கலாமே" என்பவர்கள். போட்டுத்தான் வைத்திருந்தேன். சத்தம் நின்றது. பெயரைக் குறிப்பிட்டு யாராவது கூப்பிட்டாலோ என் மெசேஜுக்குப் பதில் போட்டாலோ மட்டும் எட்டிப் பார்க்கும், அதுவும் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் குரூப்பில் பெயர் இருக்கும் வரை எல்லாவற்றையும் படித்ததாகத்தான் கணக்கு. கணக்கு என்றால் இதையும் கேளுங்கள். 180 பேர் இருக்கும் குரூப்பில் சராசரியாக இரண்டு நாளைக்கு ஒரு பிறந்தநாள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது வாழ்த்து, ஐம்பதுக்கும் தனித்தனியாக நன்றி. நடுவில் குட்மார்னிங் ரோஜாப்பூ, காலாவதியான மழை எச்சரிக்கை, மூட்டுவலிக்குப் பிரண்டைத் துவையல். இத்தனைக்கும் நடுவே ஒரு தோழியின் அம்மா இறந்த செய்தி ஒற்றை வரியாக வந்து போயிருக்கிறது. மூன்று வாரம் கழித்து தி.நகரில் அவளைப் பார்த்து, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, "குரூப்ல போட்டேனேப்பா" என்றாள். குரூப்பில் நான் இல்லை என்று தெரிந்திருந்தால் அவள் எனக்குத் தனியாகச் சொல்லியிருப்பாள். இருந்தும் இல்லாமல் இருப்பதைவிட, இல்லை என்று தெரியும்படி இல்லாமல் இருப்பது மேல். இது தலைக்கனமாம். சரி.

"அட்மின் பாவம், நல்ல எண்ணத்தில்தான் போட்டார், உன்னைத் தடுக்கத்தான்" என்கிறார்கள். இருக்கலாம். எத்தனை பேரின் நம்பரைத் தேடிப் பிடித்தார் என்று எனக்கும் தெரியும், அதற்குத்தான் நன்றி சொன்னேன். ஆனாலும் தனியாகக் கேட்டதைப் பொதுவில் போடக்கூடாது.

போட்ட பிறகு என்ன நடந்தது? "வசூல்னதும் கிளம்பிட்டாங்க" என்று ஒருவர். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் கொடுத்த பணம் நேராக அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. பெயரும் தொகையும் போட்ட பட்டியலில் என் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். இன்னொருவர், "வீட்டுக்காரர் ஒத்துக்கலை போல, பாவம்" என்கிறார். அதற்குப் பதினெட்டு தம்ஸ்அப். ஐம்பதைத் தொடப்போகும் ஒரு பெண் ஒரு குரூப்பிலிருந்து போக வேண்டும் என்று தானாகவே முடிவெடுக்க முடியாதா? ஒரு ஆண் போனால் "பிசி"யாம், பெண் போனால் வீட்டில் பிரச்சினையாம். என் வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு குரூப் இருப்பதே இந்த வெள்ளிக்கிழமைதான் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நட்பை மதிக்கவில்லையாம். அப்பா போனபோது குரூப்பில் "ஆர்ஐபி" வரிசையாக வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு ஆதம்பாக்கம் வீட்டுக்கு முதலில் வந்தது யார் தெரியுமா? பல வருடம் முன்பே குரூப்பை விட்டுப் போனவன். நீங்கள் ஒரு வாரம் வைத்துப் பேசினீர்களே, அவனேதான். துக்க வீட்டில் குடிதண்ணீரை யாரும் நினைக்க மாட்டார்கள் என்று, வண்டியில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு தண்ணி கேன் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். கூடவே பேப்பர் கப் ஒரு கட்டு. அவனுக்குச் செய்தி சொன்னது குரூப் இல்லை, என் தம்பி.

கோபமாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், தெரிகிறது. அந்த மெசேஜில் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமை வரை யார் மேலும் வருத்தம் இல்லை என்று எழுதியது சத்தியமாக உண்மை.

இதில் பெரிய வேடிக்கை, இவ்வளவு பேசிய பிறகும் என்னை இன்னும் யாரும் எடுக்கவில்லை. பதினோரு அட்மின் இருந்தும்! அதனால் இன்று ராத்திரி நானே எக்ஸிட் அடிக்கிறேன். கை தவறிப் படவில்லை, தயவுசெய்து திரும்பச் சேர்க்காதீர்கள். ஈசிஆர் கெட்டுகெதருக்குத் தேதி முடிவானதும் யாராவது ஒருவர் தனியாகச் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கணக்கில் எனக்கு ஒரு சைவம்.