சுன்னாகத்துக்கு எத்தனை எழுத்து?

எங்கள் ஊர் சனசமூக நிலையத்துக்கு உறுப்பினர் அட்டை அடிக்க மருமகன் ஒரு பைதன் ஸ்கிரிப்ட் எழுதினான். அட்டையில் இடம் குறைவு, ஊர்ப்பெயரில் முதல் ஐந்து எழுத்துப் போதும் என்றார்கள். சுன்னாகத்தார் அட்டை 'சுன்ன' என்று வந்தது. "மாமா, ஃபொன்ற் பிழை" என்று மூன்று ஃபொன்ற் மாற்றிப் பார்த்துவிட்டான்.

சுன்னாகம் என்பதே ஐந்து எழுத்துத்தானே. வெட்டவே தேவையில்லாத பெயர் ஏன் வெட்டுப்பட்டது?

```
>>> len("சுன்னாகம்")
9
>>> "சுன்னாகம்"[:5]
'சுன்ன'
```

பைதன் எண்ணியது எழுத்தை அல்ல, யூனிகோட் குறியெண்களை. சு என்பது ச, ு என இரண்டு. ன் என்பது ன, புள்ளி என இரண்டு. னா இரண்டு, ம் இரண்டு, க மட்டும் ஒன்று. ஆக ஒன்பது. ஐந்தாவது குறியெண் னாவின் ன. அதன் கால் ஆறாவது. கத்தி இரண்டுக்கும் நடுவில் விழுந்தது.

நாங்கள் படித்தது க் + அ = க. யூனிகோட் தலைகீழாக, க-வை ஒரே குறியெண்ணாக வைத்து, புள்ளி சேர்த்தால்தான் க் என்கிறது. அதனால் வெட்டும்போது புள்ளி உதிர்ந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. `[:3]` போட்டால் 'சுன'. பார்ப்பவர் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைப்பார். `[:4]` போட்டால் 'சுன்' என்று சரியாகவே வரும், அது வெறும் அதிர்ஷ்டம். சந்தேகம் வந்தால் மிச்சத்துண்டைப் பாருங்கள்: `[5:]` தருவது 'ாகம்'. துண்டின் தொடக்கத்தில் புள்ளிவட்டத்தோடு ஒரு கால் தனியே நின்றால் வெட்டு எழுத்துக்குள் விழுந்திருக்கிறது.

என் கோபம் வகுப்புகளில் சொல்லித்தரும் விதத்தில். கரக்டர் என்றால் எழுத்து என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். ஆங்கிலச் சொற்களை வைத்தே பயிற்சி செய்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அம்மா பெயரைக் கொடுத்து `len` பார்க்கச் சொன்னால் முதல் நாளே கேள்வி வந்திருக்கும்.

வழி சுலபம். பைதனோடு வரும் `re` இதற்கு உதவாது, `pip install regex` செய்யவேண்டும்.

```
import regex
e = regex.findall(r"\X", "சுன்னாகம்")
print("".join(e[:5]))
```

`\X` என்பது அடியெழுத்தையும் அதோடு ஒட்டிய குறிகளையும் ஒரே துண்டாக எடுக்கும். சு, ன், னா, க, ம். முழுப்பெயரும் அட்டையில் ஏறியது.

ஆனால் லக்ஷ்மி அன்ரியின் பெயரில் இதுவும் தடுக்கும். க்ஷ் என்று கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை `\X` க், ஷ் என இரண்டாகவே பிரிக்கும். இரண்டு எழுத்துக்கு வெட்டினால் 'லக்' மிஞ்சும். ஸ்ரீயும் அப்படித்தான், ஸ் வேறு, ரீ வேறு. க்ஷ ஒரு எழுத்தா, இரண்டா என்று இலக்கணக்காரர் சண்டை பிடிக்கட்டும். பெயர்ப்பட்டியல் என்பதால் க் துண்டுக்குப் பின்னால் ஷ-வில் தொடங்கும் துண்டு வந்தால் இரண்டையும் ஒட்டும்படி மருமகனைக் கொண்டு இரண்டு வரி கூட்டினேன்.