கையைக் காட்டிக் கடக்கச் சொல்லாதீர்கள்

ஆட்கள் ரோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டில் வண்டியை நிறுத்தி, ஓரத்தில் நிற்கிறவரைப் பார்த்து "போங்க போங்க" என்று கையைக் காட்டுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. (இப்போது வெள்ளையாகத்தான் அடிக்கிறார்கள், எங்கள் வாயில் இன்னும் அது மஞ்சள் கோடுதான்.) பெரிய புண்ணியம் செய்கிற நினைப்பு வேறு. போன மாதம் ஆரையம்பதிப் பக்கம் அந்தக் கைதான் இரண்டு பேரைக் கொன்றிருக்கும்.

பகல் ஒன்றரை, பள்ளிக்கூடம் விட்ட நேரம். எழுபது தாண்டிய ஒரு அம்மா, ஒரு கையில் ஊன்றுகோல், மற்றக் கையில் பேத்தி. நான் வானை நிறுத்தினேன், எங்கே என்றால் கோட்டுக்கு ஒட்டி, பம்பர் கோட்டைத் தொடாத குறை. கையைக் காட்டினேன். அவர் இறங்கி, என் வானுக்கு முன்னால் மெல்ல மெல்ல வந்து வலது முனையைத் தாண்டப் போகிறார், பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் என்னை முந்திக்கொண்டு வருகிறது. பிள்ளை பின்னுக்கு இழுத்ததால் தப்பினார்கள். ஊன்றுகோல் மட்டும் தெறித்து ரோட்டின் மற்றப் பக்கத்தில் போய் விழுந்தது.

கூட்டம் கூடி அந்தப் பொடியனை ஏசியது. ஏசத்தான் வேண்டும், கடவையில் நிற்கிற வண்டியை முந்துவது குற்றம். ஆனால் அவன் சொன்னது என்னைக் குத்திவிட்டது: "நீங்க ஆளை இறக்க நிக்கிறீங்கண்டு நினைச்சன் அண்ணன், அவங்களைக் காணவே இல்ல." அந்த அம்மாவிடம் ஏன் பார்க்காமல் வந்தீர்கள் என்று யாரோ கேட்க, அவர் என்னைக் காட்டினார். "இவர்தானே மனே கையக் காட்டினார்."

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கீறிப் பார்த்தேன். அம்மா என் பம்பரிலிருந்து 1 மீற்றர் முன்னால், வானின் வலது ஓரத்துக்கு 1 மீற்றர் உள்ளே. மோட்டார் சைக்கிள் அதே ஓரத்துக்கு 1 மீற்றர் வெளியே. வானின் முனையைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால், அவன் அவரைக் காணும்போது இடையில் இருப்பது வெறும் 2 மீற்றர் தூரம். நான் 6 மீற்றர் தள்ளி நிறுத்தியிருந்தால் அதே கணக்கில் 12 மீற்றர். ஒரு விநாடியில் சுதாரித்து பிரேக் பிடித்தால், 30 வேகத்தில் வருகிற சைக்கிள் நிற்க ஏறத்தாழ 13 மீற்றர் எடுக்கும். அதாவது கொஞ்சம் வளைத்தாவது தப்பவைக்கலாம். 50இல் வந்தால் அந்த முதல் விநாடியிலேயே 14 மீற்றர் ஓடிவிடும், பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே இடித்திருக்கும். பள்ளிக்கூட வாசலில் 30க்கு மேல் போகாதே என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

என் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தானே கை காட்டினேன் என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அதுவும் பிழை. அந்த வயதில் ஒரு விநாடிக்கு முக்கால் மீற்றர் நடந்தால் பெரிய காரியம். வானின் முனைக்கு வர நாலு விநாடி. அவர் காலை வைத்தபோது 50இல் வந்த சைக்கிள் 50 மீற்றருக்கும் அப்பால், என் கண்ணாடியில் ஒரு சின்னப் புள்ளியாகத்தான் இருந்திருக்கும். நான் காட்டிய கை அந்த நேரத்துக்குச் சரி, நாலு விநாடி கழித்துப் பொய். ஆனால் வயது போனவர்களும் சின்னப் பிள்ளைகளும் ஒரு தரம் கையைக் கண்டால் அதை முழு ரோட்டுக்குமான அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மா குனிந்து தன் காலைப் பார்த்துத்தான் நடந்தார்.

அதனால் இப்போது தூரத்திலேயே மெல்ல பிரேக்கைத் தொடுகிறேன், பின்னால் வருகிறவனுக்குச் சிவப்பு லைட் தெரியட்டும். ஒரு வான் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டு நிற்கிறேன். கை காட்டுவதென்றால் வலது கையை வெளியே நீட்டி, மேலும் கீழுமாக அசைத்து, பின்னால் வருகிறவனுக்கு. கடக்கிறவரை அவர் பாட்டில் விட்டுவிடுகிறேன். வெள்ளைத் தடியோடு வருகிறவர் என்றால் ஹோர்ன் அடிக்காதீர்கள், கத்திக் கூப்பிடாதீர்கள், அக்சிலேட்டரை முறுக்காதீர்கள். அவர் காதால்தான் ரோட்டைப் பார்க்கிறார், எந்தச் சத்தம் யாருக்கென்று அவருக்குத் தெரியாது.

இதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. இடைவெளி விட்டால் ஓட்டோக்காரர் இடப்பக்கத்தால் நுழைந்து அந்த இடத்திலேயே வந்து நிற்பார். முந்தாநாள் ஒருவர் நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவை இன்றைக்கும் கண்டேன், புது ஊன்றுகோல். வானின் முனைக்கு நேரே வந்ததும் நின்றார். முதலில் ஊன்றுகோலை வெளியே நீட்டினார், அப்புறம் தலையை. பேத்தி "ம், வாங்க" என்ற பிறகுதான் மற்ற அடி.