ஆமாம், மாவில் சாமை கலந்தேன்

அந்தப் பின்னூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: இட்லி தோசை மாவில் நான் வீட்டில் சொல்லாமல் சாமை கலந்ததை முந்தைய பதிவின் கீழே ஓர் அண்ணன் கிண்டல் செய்திருக்கிறார். 'வயதான மாமியார் தட்டில் திருட்டுத்தனமாகச் சிறுதானியம் போடும் புதுமைப் பெண்' என்று என்னைத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு நாற்பது சிரிப்பு. சிரித்தவர்களில் ஆறு பேர் எங்கள் சொந்தம்.

சரி, சொல்லிவிடுகிறேன். ஆமாம், கலந்தேன், சொல்லாமல்தான் கலந்தேன். சொல்லிவிட்டுச் செய்தபோது என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, 'இன்று முதல் நம் வீட்டில் வரகுச் சோறு' என்று அறிவித்தேன். என் தவறு அங்கேயே தொடங்கியது. அடுத்த தவறு குக்கரில். எங்கள் புழுங்கலரிசிக்கு ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்து நான்கு ஐந்து விசில் விடுவேன். கை பழகிய அளவிலேயே வரகுக்கும் வைத்துவிட்டேன். வரகுக்கு இரண்டு டம்ளர் தண்ணீரும் இரண்டு விசிலும் போதும். திறந்தால் களி. அதன்மேல் சாம்பார் ஊற்றினால் பிசையவும் வரவில்லை, உருட்டவும் வரவில்லை. சின்னவன் 'இது கிளி சாப்பாடு' என்றான். மாமா ஒன்றும் பேசாமல் மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். வீட்டுக்காரர் 'ஒரு வேலை இருக்கிறது' என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது சட்டையில் பரோட்டா சால்னா வாசம். மீந்ததை இரவு நான் ஒருத்தியாகச் சாப்பிட்டேன். ஆறிப்போன வரகு எப்படி விறைத்துக்கொண்டு தொண்டையில் நிற்கும் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: மதியச் சோற்றில் கை வைக்காதே. வெள்ளைச் சோறு வெறும் அரிசி இல்லை, அது ஒரு பழக்கத்தின் வடிவம். குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை பிசைகிற கைக்கு அந்தப் பருக்கை வேண்டும். மாற்றத்தை மாவில் தொடங்கு. தட்டில் தெரிவது தோசையாகவே இருக்கட்டும், உள்ளே இருப்பது மாறட்டும்.

எங்கள் வீட்டு அளவு நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். முதல் இரண்டு வாரம் மூன்றரை டம்ளர் அரிசியும் அரை டம்ளர் சாமையும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் மூன்றுக்கு ஒன்று. அப்படியே ஒரு மாதம். பிறகு பாதிக்குப் பாதி ஆக்கியபோது இட்லி கொஞ்சம் அழுத்தமாகி நிறமும் மங்கியது. சின்னவன் இட்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடனே பின்வாங்கினேன். இட்லிக்கு இன்றுவரை மூன்றுக்கு ஒன்றுதான், தோசைக்கு மட்டும் பாதிக்குப் பாதி. முறுகலாக வார்த்தால் யாருக்கும் வித்தியாசமே தெரியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். எங்கள் அனுபவத்தில் இந்த மாவு சீக்கிரம் புளிக்கிறது. மூன்றாம் நாள் என்றால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம்தான்.

மாவு நிலைத்த பிறகுதான் சோற்றுப் பக்கம் வந்தேன். அதுவும் வெறும் சோறாக இல்லை. வெண்பொங்கலில் பாதி பச்சரிசி, பாதி சாமை. தயிர்சாதத்துக்குக் குதிரைவாலி. குழைய வேகவிட்டு, சூட்டிலேயே பால் ஊற்றி, கடைசியில் கொஞ்சம் தயிர். பால் தாராளமாக இருந்தால் ஆறினாலும் விறைக்காது. புழுங்கலரிசியோடு ஒரே பானையில் மட்டும் போடாதீர்கள். அரிசி வேகுமுன் சாமை கரைந்துவிடும். கவனியுங்கள், இந்தச் சமையல் எதிலும் நான் யாரிடமும் 'இது நல்லது, சாப்பிடு' என்று சொல்லவில்லை. சொன்ன நிமிடம் அது மருந்தாகிவிடுகிறது.

'ஏமாற்று வேலை' என்கிறீர்கள். இத்தனை வருடம் ரசத்தில் எந்தப் புளி, பொரியலில் எந்த எண்ணெய் என்று யார் என்னிடம் கேட்டீர்கள்? கடையில் அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டித் தவிட்டையெல்லாம் எடுத்துவிட்டு விற்றபோது யாராவது உங்களிடம் அனுமதி கேட்டார்களா? நான் அரை டம்ளர் சாமை போட்டால் மட்டும் திருட்டு.

'சாமை தின்றால் சர்க்கரை ஓடிவிடுமா' என்று ஒருவர். ஓடாது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. இதிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். மாமா தினைக் கஞ்சியை நல்லது என்று இரண்டு சொம்பு குடித்துவிட்டுச் சோதித்தபோது அளவு ஏறித்தான் இருந்தது. கூடுதல் நார்ச்சத்துக்காகத்தான் இத்தனை பாடு. அதுவும் பாக்கெட்டில் வெளுப்பாகத் தீட்டிய சாமை வாங்கினால் பாதி போச்சு. மங்கிய பழுப்பாக இருப்பதைப் பாருங்கள். தவிடு இருப்பதால் வைத்திருந்தால் காறல் வாடை அடிக்கும். ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். திடீரென்று முழுதாக மாறினால் வயிறு உப்பும். மெதுவாகப் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலை என்பவர்களிடம் எனக்குப் பதில் இல்லை. ரேஷனில் அரிசி இலவசம், எங்கள் கடையில் சாமை கிலோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. கொண்டாடியது. அதே வருடம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சாமையைக் கடையில்தான் வாங்க வேண்டும். முடியாதவர்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் பின்னூட்டம் எழுதிய அண்ணன் விலைக்காக எழுதவில்லை. அத்தைக்காகப் பரிந்து எழுதியிருக்கிறார். அத்தைக்காக! இரண்டு மாதம் கழித்து நானே அத்தையிடம் சொன்னேன். 'தெரியும் கண்ணு. முதல் நாளே கல்லுல வாசம் வந்துச்சு' என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். சின்ன வயதில் வீட்டில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும்தான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு. பள்ளிக்கூடத்தில் தூக்குவாளியைத் திறக்க வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து குடிப்பாராம். 'நீ போடு, நான் தின்கிறேன். மத்தியானம் மட்டும் எனக்கு வெள்ளைச் சோறு வேணும்' என்றார்.

நான் படித்த எந்தச் சிறுதானியக் கட்டுரையிலும் இது இல்லை. 'நம் முன்னோர் சாப்பாடு' என்று நாம் மகிழ்ச்சியாக எழுதுகிறோம். அந்த முன்னோரில் ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு அது வேண்டாம். அன்றிலிருந்து மதியம் ஒரு சின்னப் பானையில் அவருக்கென்று பொன்னி அரிசி வேகிறது. அவர் கேட்காமலேயே வேகிறது.

இதையெல்லாம் நீங்கள் கேட்டிருக்கலாம், அண்ணா. போன் நம்பர் இருக்கிறது. பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் தங்கி, காலையில் ஆறு தோசை சாப்பிட்டுவிட்டு 'மாவு பிரமாதம்' என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். அந்த மாவும் இந்த மாவுதான். அன்று உங்களுக்கும் சொல்லவில்லை, அதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன். அத்தையை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அந்தச் சிரிப்புகளை அவர் பேத்தியின் போனில் பார்த்துவிட்டார்.