பழைய டாய்லெட்ட கழட்டிட்டு புதுசு வாங்கும்போது

"எல்லா வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஒரே சைஸ்தான், புடிச்ச மாடல வாங்குங்க, ப்ளம்பர் பாத்துப்பாரு"

மேல இப்படி எழுதுன அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க, இத நம்பி யாரும் வாங்கிட வேணாம். முதல்ல பைப் எங்க போகுதுன்னு பாருங்க, தரைக்குள்ள எறங்குனா எஸ் ட்ராப், பின்னாடி சுவத்துக்குள்ள போனா பி ட்ராப். எஸ் ட்ராப்னா டைல்ஸ் ஒட்டுன சுவத்துலேருந்து தரை ஓட்டையோட நடு சென்டர் வரைக்கும் டேப் புடிங்க, நம்மூர்ல பெரும்பாலும் 4, 9, 12 இன்ச்ல ஒண்ணா வரும். பி ட்ராப்னா தரையிலேருந்து பைப் சென்டர் உயரம், பொதுவா 7 இன்ச் சுமாரு.

எங்க வீட்ல 9 இன்ச் இருந்துச்சு, அளக்காம 12 இன்ச் மாடல எறக்கிட்டோம், டேங்க் போய் சுவத்துல இடிக்குது, ஓட்டைக்கு மேல உக்காரவே இல்ல, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாரு. 12 இன்ச் ஓட்டைக்கு 9 இன்ச் மாடல் வெச்சா உக்காரும், ஆனா பின்னாடி 3 இன்ச் சந்து கெடக்கும்.

மேல ஒரு அக்கா, அளவு ஒத்து வராட்டி கனெக்டர் போட்டா சரியாகும்னு சொன்னது பாதி சரி, பி ட்ராப் மாடல தரை ஓட்டைக்கு திருப்ப பெண்ட் கெடைக்குது, ஆனா அதுக்கும் தூரம் ஒத்து வரணும். பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டப் போறீங்கன்னா அந்த கனத்தையும் கழிச்சிட்டு அளவு சொல்லுங்க.

சுவத்துல தொங்குற மாடல் கேட்ட தம்பி, அதோட கணக்கே வேற, சுவத்த உடைக்க முடியுமான்னு பாத்துட்டு சொல்லுங்க.