பெரியம்மாவின் சர்க்கரையும் கீழ்க் கடைவாய்ப் பல்லும்

கடந்த ஆண்டின் பெரும்பகுதி எங்கள் பெரியம்மா சொந்த வீட்டிலேயே திருடியைப் போல நடத்தப்பட்டார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பல ஆண்டுகளாக 7.4 அளவிலேயே நின்றிருந்தது. ஓராண்டுக்குள் அது 8.1, 8.9 என ஏறி 9.2-ஐத் தொட்டது. மருமகள் வெல்ல டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தாள். பேரப்பிள்ளைகள் கூட அவர் வாயைக் கவனிக்கத் தொடங்கினார்கள், தின்பண்டம் மெல்லுகிறாரா என்று பார்க்க. மாத்திரை இரட்டிப்பானது, பிறகு இரவு இன்சுலின் 10 யூனிட்டில் தொடங்கி 18 வரை போனது. அப்போதும் வெறும் வயிற்றில் பார்த்தால் 210-க்குக் கீழே இறங்கவில்லை.

நான் கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்படி ஏறும் எண்களை நாள்தோறும் அச்சடித்துக் கொடுக்கிறவன்தான், ஆனாலும் நானும் மற்றவர்களைப் போலவே அவர் எதையோ ரகசியமாகச் சாப்பிடுகிறார் என்றே நினைத்தேன். ஒரு நாள் அவர் அருகில் அமர்ந்து பேசும்போது வந்த வாடைதான் என்னை நிறுத்தியது. அது வெற்றிலை வாடையும் இல்லை, பசி வாடையும் இல்லை. பல் வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, பல்லு வெளக்கறப்ப கொஞ்சம் ரத்தம் வரும், அது எல்லாருக்கும் வர்றதுதானே" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, கீழ் வலது கடைவாய்ப் பல்லின் ஈறு வேர் தெரியும்படி இறங்கியிருந்தது. கையுறை போட்டு அந்த ஈறை விரலால் லேசாக அழுத்தினேன். பல்லின் ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு மஞ்சளாய்ச் சீழ் எட்டிப் பார்த்தது.

இதில் வேதனை என்னவென்றால், ஐந்து மாதங்களுக்கு முன்பே அவர் எல்லை தாண்டி வந்து இங்குள்ள ஒரு பல் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அந்த மருத்துவர் மலையாளத்தில், மோணையில் பழுப்பு இருக்கிறது, சர்க்கரை குறைந்த பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மலையாளத்தில் மோணை என்றால் ஈறு, பழுப்பு என்றால் சீழ். பெரியம்மாவோ வெற்றிலைக் கறையால் பல் பழுப்பாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதாகப் புரிந்துகொண்டு, அந்த வயதில் பல்லை வெளுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். பொள்ளாச்சியில் இருக்கும் சர்க்கரை மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் அது ஒளிந்துகொள்ளும் இடம். நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். நோய் வந்தால் அது பையைப் போல ஆழமாகி, உள்சுவர் முழுவதும் ஆறாத புண்ணாகிறது. பல பற்களிலும் இப்படி இருந்தால் அந்தப் புண்களின் மொத்தப் பரப்பு எட்டிலிருந்து இருபது சதுர சென்டிமீட்டர் வரை வரக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவு புண் காலில் இருந்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். அங்கே கிருமிகளோடு போராடும் உடல் வெளியிடும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலினின் பேச்சைத் தசையும் கல்லீரலும் கேட்காதபடி செய்கின்றன. வேரடியில் சீழ் கட்டினாலோ கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களும் ஏறி, இரவெல்லாம் கல்லீரலைச் சர்க்கரையை இறக்க வைக்கின்றன. இரவு உணவைக் குறைத்தும் காலை அளவு குறையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறம், ஏறிய சர்க்கரை வெள்ளணுக்களின் வேலையைக் கெடுத்து ஈறை ஆறவிடாமல் செய்கிறது.

ஆகவே "சர்க்கரை குறையட்டும், பிறகு பல்லைப் பார்க்கலாம்" என்ற வாக்கியத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு. புண் ஆறத் தாமதமாகும், கிருமி பரவும் என்ற பல் மருத்துவரின் பயம் பொய்யல்ல. அவசரமில்லாத சிகிச்சைக்கு, உதாரணமாகச் செயற்கைப் பல் பொருத்துவதற்கு, அந்த விதி சரியானது. ஆனால் சீழ் இருக்கும் வாய்க்கு அதே விதியைச் சொன்னால், குறையவிடாத காரணத்தை உள்ளே வைத்துக்கொண்டே குறைத்துவிட்டு வா என்று சொல்வதாகிறது. தாடைக்கடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் காய்ச்சலும் வந்தால், சர்க்கரை எவ்வளவாக இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஆன்டிபயாடிக் மட்டும் தின்று வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்; சீழின் ஊற்று அப்படியே இருப்பதால் அது திரும்பி வருகிறது.

பெரியம்மாவின் எண்களையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு நானே பொள்ளாச்சிக்குப் போனேன். படத்தில் அந்தக் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு நிழல் இருந்தது. பக்கத்தில் உடைந்து வேர் மட்டும் எஞ்சிய இன்னொரு பல். சர்க்கரை மருத்துவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, தொற்றின் மூலத்தை நீக்குவதை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். காலை உணவையும் மாத்திரையையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு காலை நேரத்திலேயே போகும்படி சொன்னார், ஏனென்றால் பட்டினியோடு நாற்காலியில் உட்கார்ந்தால் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரக்கூடும். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் இங்குள்ள பல் மருத்துவர் மறுபேச்சுப் பேசவில்லை. மெல்லிய அளவுக்கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி ஆறு, ஏழு, எட்டு மில்லிமீட்டர் என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே போனார். நிழல் தெரிந்த கடைவாய்ப் பல்லும் பக்கத்தில் எஞ்சியிருந்த வேரும் முதலில் பிடுங்கப்பட்டன. பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு அமர்வுகளில் ஈறுக்கடியில் வேர் மீது படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். மேலோட்டமாகப் பல் பளபளக்கச் செய்யும் கிளீனிங் வேறு, இது வேறு.

எனக்கே தெரியாத ஒன்று இதற்குப் பிறகு நடந்தது. மூன்றாவது வாரம் விடியற்காலையில் பெரியம்மா வியர்த்து நடுங்கி எழுந்தார்; மீட்டரில் 62. தொற்று இருந்த உடலுக்காக ஏற்றிய 18 யூனிட், தொற்று போன உடலுக்கு அதிகமாகிவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்தோம். வெல்லத்தை ஒளித்த மருமகளே அன்று கலக்கிக் கொடுத்தாள். மருத்துவர் அளவை 12 ஆக்கி, பிறகு 8 ஆக்கினார். பல் சிகிச்சை முடிந்த வாரங்களில் காலை அளவை அடிக்கடி பார்த்து மருத்துவரிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 8.0. பத்தாம் நாளே பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லி வீட்டார் நச்சரித்தார்கள். அது பழைய வாரங்களின் கணக்கையும் சேர்த்துக் காட்டும் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த 1.2 குறைவு முழுவதையும் ஈறின் கணக்கில் எழுதவும் மாட்டேன். 2022-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, ஈறு சிகிச்சையால் மூன்று நான்கு மாதத்தில் குறைவது சராசரியாக 0.4 அளவுதான். 2013-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்விலோ பயன் எதுவும் தெரியவில்லை. அதில் ஈறு போதிய அளவு ஆறவே இல்லை என்று பலர் விமர்சித்தார்கள். பெரியம்மாவின் கணக்கில் வேரடிச் சீழ் போனதும் உண்டு, சாப்பாடு மாறியதும் உண்டு. ஆட்டம் கண்ட பல்லோடு அவர் மாதக்கணக்கில் கஞ்சியும் குழைந்த சோறும் பாலில் நனைத்த ரொட்டியும்தான் தின்றிருக்கிறார், கீரைத்தண்டையும் அவரைக்காயையும் ஒதுக்கிவிட்டு. நாங்கள் தேடிய திருட்டு அதுதான்.

சென்ற வாரம் மூன்று மாத மறுபரிசோதனைக்குப் போனோம். ஒரு பல்லில் மட்டும் மறுபடி ஐந்து மில்லிமீட்டர் காட்டி ரத்தம் கசிந்தது, அதை அன்றே சுத்தம் செய்தார்கள். இப்போது பெரியம்மாவின் பையில் பொள்ளாச்சி மருத்துவரின் கையெழுத்தும் கொழிஞ்சாம்பாறை மருத்துவரின் கையெழுத்தும் ஒரே நோட்டில் இருக்கின்றன; பழுப்பு என்ற இடத்தில் மட்டும் நான் பென்சிலால் சீழ் என்று எழுதி வைத்திருக்கிறேன்.