பாட்டிக்கு எதுகை தேடிய கதை

எதுகை தேடும் கருவியைப் பயன்படுத்தினேன் என்றதும், "அது காப்பியடிப்பது மாதிரி அல்லவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதியே தொடை அகராதிதான். எதுகைச் சொற்களைத் தேடி எடுக்கவே அது இருக்கிறது. பட்டியல் பார்ப்பதில் எனக்குக் கூச்சமில்லை. அதில் எதை எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

பாட்டியின் நினைவு நாளுக்கு ஒரு குறள் வெண்பா எழுத உட்கார்ந்தேன். 'பாட்டி' என்று தட்டியதும் கட்டி, வட்டி, ஊட்டி, சூட்டி, தீட்டி, பூட்டி என்று வந்து விழுந்தன. கட்டியும் வட்டியும் உடனே கழிந்தன. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். நெடிலுக்கு நெடில். இதைப் பார்க்காத கருவிகள் நிறைய இருக்கின்றன.

முதலில் கை 'ஊட்டி'க்குத்தான் போனது. ஆனால் எங்கள் பாட்டி யாருக்கும் சோறு ஊட்டியவர் அல்லர். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அது யாரோ ஒருவருடைய பாட்டி. 'பூட்டி'யைப் பார்த்ததும்தான் முறுக்கு டப்பா இருந்த மரப்பெட்டியும் இடுப்புச் சாவியும் நினைவுக்கு வந்தன. பட்டியல் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டியை மறந்தே போயிருப்பேன்.

அடுத்து, 'பூட்டிய பெட்டிக்குச் சாவி தொங்கவே' என்று எழுதினேன். தளை தட்டியது, அதாவது சீரும் சீரும் சரியாக இணையவில்லை. சாவி தேமா என்னும் மாச்சீர். மாச்சீருக்குப் பின் நிரையசை வர வேண்டிய இடத்தில் 'தொங்கவே' நேரசையில் தொடங்குகிறது. ஒத்தசொல் அகராதியைத் திறந்தால் 'திறவுகோல்' தயாராகக் காத்திருந்தது. 'பூட்டிய பெட்டித் திறவுகோல் தொங்கவே.' இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் பாட்டி வாழ்நாளில் திறவுகோல் என்று சொன்னதில்லை. "சாவி எங்கேடா?" என்பார். அகராதி ஒரே பொருள் என்று அடுக்கும் சொற்கள் ஒரே வீட்டில் புழங்குவதில்லை.

அதனால் சாவியைத் தொடாமல் பக்கத்துச் சொல்லை மாற்றினேன். தளை தட்டினால் பெரும்பாலும் குற்றவாளி அடுத்த சீர்தான். அதை மாற்றச் சோம்பல்பட்டுத்தான் நல்ல சொல்லைப் பலி கொடுக்கிறோம்.

பூட்டிய பெட்டிக்குச் சாவி இடுப்பிலே
பாட்டி நடந்தால் ஒலி.

'ஒலி'யும் கொஞ்சம் புத்தக வாடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஈற்றுச் சீர் ஓரசையில் முடிய வேண்டும். 'சத்தம்' ஈரசை, அங்கே உட்காராது.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். "ஒற்றைச் சாவி எப்படிடா சத்தம் போடும்? கொத்தாக அல்லவா வைத்திருந்தார்" என்றார். இப்போது 'கொத்து'க்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.